கொன்சோல் அனுப்புவதும் ரீவி வாங்குவதும் ஒன்றா? திரையில் வரும் சிக்னல் தகவலை வாசிக்கும் முறை

பிளேஸ்டேஷன் 5 இன் மெனுவில் எல்லாம் சரியாக இருக்கும். பெட்டியில் 4கே என்று அச்சடித்திருக்கும். ரீவியும் 4கே தான். ஆனால் கேம் தொடங்கியதும் படம் கொஞ்சம் மங்கலாகத் தெரியும், அல்லது வெயில் காட்சியில் வெளிச்சம் வெளிறிப் போகும். கண்ணால் பார்த்து இதற்குக் காரணம் சொல்ல ஏலாது. 1080பி 120 ஹேர்ட்ஸில் ஓடும் கேமையும் 4கே 60 இல் ஓடும் கேமையும் 8 அடி தள்ளியிருந்து பார்த்துப் பிரித்துச் சொல்வது பழகின கண்ணுக்கும் கஷ்டம்.

இதை ரீவியிடம்தான் கேட்க வேண்டும். கொன்சோலின் மெனு, தான் என்ன அனுப்ப நினைக்கிறது என்று சொல்கிறது. ரீவியின் தகவல் பட்டை, தனக்கு உண்மையில் என்ன வந்து சேர்ந்தது என்று சொல்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பிழை கொன்சோலிலா, வயரிலா, போர்ட்டிலா என்று பெரும்பாலும் சில நிமிடத்தில் பிடித்துவிடலாம். இந்த வழிகாட்டி பிளேஸ்டேஷன் 5 ஐ வைத்தே போகிறது. மற்றக் கொன்சோல்களில் மாறும் இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறோம்.

முதலில், என்ன வர வேண்டும் என்று முடிவெடுங்கள்

எதிர்பார்ப்பு தெளிவாக இல்லாவிட்டால் திரையில் வரும் எண் சரியோ பிழையோ என்று சொல்ல முடியாது. பிளேஸ்டேஷன் 5 சாதாரண 4கே ரீவிக்கு 3840x2160, 60 ஹேர்ட்ஸ், அதோடு வெளிச்சத்தையும் இருட்டையும் கூடிய வீச்சில் காட்டும் எச்டிஆர் அனுப்ப வேண்டும். 4கே 120 வாங்கக்கூடிய ரீவி என்றால், 120 ஐக் கேட்கும் கேம் ஓடும்போது மட்டும் 120 வரும். அந்தக் கேம் ஓடாத நேரம் முகப்பு மெனுவில் 60 காட்டினால் அது பிழை அல்ல. எக்ஸ்பொக்ஸ் சீரிஸ் எக்ஸும் எஸ்ஸும் வேறு மாதிரி: அமைப்பில் 120 என்று வைத்துவிட்டால் முகப்பிலும் 120 தான் வரும்.

பழைய கொன்சோல்களை வீணாகக் குறை சொல்லக் கூடாது. சாதாரண பிளேஸ்டேஷன் 4 இன் உச்சம் 1080பி 60. அதில் எச்டிஆர் உண்டு, 4கே கிடையாது. 4கே வேண்டுமென்றால் புரோ. முதலாவது நின்டெண்டோ சுவிட்ச் டொக்கில் வைத்தாலும் 1080பி 60 தான், எச்டிஆர் இல்லவே இல்லை. சுவிட்ச் 2 டொக்கில் 4கே 60 வரை எச்டிஆரோடு தரும். அதில் 120 வேண்டுமென்றால் 1440பி அல்லது 1080பிக்கு இறங்க வேண்டும்.

தகவல் பட்டையை எப்படிக் கொண்டுவருவது

கேம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பட்டையைத் திறக்க வேண்டும். முகப்பு மெனுவில் நின்று பார்த்தால் கேமுக்குள் நடக்கும் மாற்றம் தெரியாது.

எல்ஜி ரீவியில் இரண்டு வழி உண்டு. ரிமோட்டின் பச்சைப் பொத்தானை விடாமல் ஏழெட்டுத் தரம் வேகமாக அழுத்தினால் கேமின் வேகத்துக்கேற்ப ஹேர்ட்ஸ் மாறும் வசதியான `VRR` பற்றிய சின்னப் பட்டை திரை மூலையில் வரும். முழு விபரம் வேண்டுமென்றால் அமைப்புக்குள் `Channels` பகுதிக்குப் போய், `Channel Tuning` என்று தொடங்கும் வரியைத் திறக்காமல் அதன் மேல் நின்றபடி 1 ஐ ஐந்து தரம் அழுத்துங்கள். அப்போது வரும் பக்கத்தில் ரெசலூஷன், ஹேர்ட்ஸ், நிற வடிவம், பிட் எல்லாம் இருக்கும்.

2021 இலும் அதற்குப் பின்னும் வந்த சாம்சுங்கில், கேம் மோட் இயங்கும்போது ரிமோட்டின் பிளே/போஸ் பொத்தானை அழுத்திப் பிடித்தால் `Game Bar` விரியும். அதில் `FPS`, `HDR`, `VRR` என்ற கட்டங்கள் இருக்கும். பழைய சாம்சுங்கில் `INFO` பொத்தான் போதும். சோனியில் `i+` அல்லது `DISPLAY` பொத்தான். மற்றக் கொம்பனி ரீவிகளிலும் பெரும்பாலும் `INFO` அல்லது `i` என்ற பொத்தான்தான்.

வன்னியில் இந்த இடத்தில் கனபேர் நின்றுவிடுவார்கள். ரீவியோடு வந்த ரிமோட் உடைந்து, சந்தையில் வாங்கிய பொது ரிமோட்டால்தான் பல வீடுகளில் ரீவி ஓடுகிறது. அதில் ஒலி, சனல், பவர் இருக்கும். பச்சைப் பொத்தானோ `INFO` பொத்தானோ இருக்காது, இருந்தாலும் அந்த ரீவிக்குச் சரியான கட்டளையை அனுப்பாது. அப்படியென்றால் உங்கள் மொடலுக்குரிய ரிமோட்டைத் தேடி வாங்குங்கள், அல்லது அகச்சிவப்பு வசதியுள்ள ஃபோனில் ரிமோட் ஆப்பைப் போட்டுப் பாருங்கள். இந்தச் செலவைத் தவிர்க்க வேண்டாம். பட்டையைப் பார்க்காமல் வயர் மாற்றுவதும் போர்ட் மாற்றுவதும் வெறும் ஊகம்.

இன்னொன்று. கொன்சோல் செருகிய உள்ளீட்டில் நிற்கிறீர்களா என்று பாருங்கள். பட்டையில் 1920x1080 50 ஹேர்ட்ஸ் என்று வந்தால் பெரும்பாலும் நீங்கள் பார்ப்பது டிஷ் பெட்டியின் சிக்னல். இலங்கையின் தொலைக்காட்சி ஒளிபரப்பு 50 ஹேர்ட்ஸ் முறையில் போவது. பிளேஸ்டேஷன் 5 இல் கேம் ஓடும்போது 50 வரக் காரணமில்லை.

பட்டையில் உள்ளதை வாசிப்பது

எல்ஜியின் முழுப் பக்கத்தில் வருவது ஏறக்குறைய இப்படி இருக்கும். மற்ற ரீவிகளில் இதில் ஒரு பகுதிதான் வரும்:

```
3840x2160p @ 119.88Hz
YCbCr 422  10bit
HDR10
```

முதல் இரண்டு எண்களும் ரெசலூஷன். பக்கத்திலுள்ள `p` என்றால் முழுப் படமும் ஒரே தடவையில் வருகிறது. `i` என்று வந்தால் கொன்சோல் சிக்னலாக இருக்க வாய்ப்பு குறைவு, உள்ளீட்டைத் திரும்பப் பாருங்கள். 119.88 என்பது 120 தான், 59.94 என்பது 60 தான். பழைய வண்ணத் தொலைக்காட்சிக் காலத்திலிருந்து வரும் கணக்கு அது. அந்தப் பின்னத்தைப் பார்த்து வயர் பிழை என்று நினைக்க வேண்டாம்.

அடுத்த வரியில் `422` என்று கண்டதும் தரம் குறைந்துவிட்டது என்று சிலர் பயப்படுவார்கள். தேவையில்லை. 18 கிகாபிட் எச்டிஎம்ஐ போர்ட்டில் 4கே 60, 8 பிட் ஆர்ஜிபி படம் 17.82 கிகாபிட்டைப் பிடித்துவிடும். அதற்கு மேல் 10 பிட் ஆர்ஜிபிக்கு இடமில்லை. எச்டிஆருக்கு 10 பிட் வேண்டும், ஆகவே கொன்சோல் நிறத் தகவலைக் கொஞ்சம் குறைத்து 4:2:2 ஆக அனுப்புகிறது. பிளேஸ்டேஷன் 5 தன் 4கே 120 எச்டிஆரையும் அப்படியே அனுப்பும். கேமில் இந்த வித்தியாசத்தைக் கண்ணால் காண்பது மிகக் கடினம். `420` என்று வந்தால்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும்: போர்ட் குறைந்த நிலையில் நிற்கலாம், அல்லது கொன்சோலில் `4K Video Transfer Rate` ஐ யாரோ `-2` என்று இறக்கி வைத்திருக்கலாம். அதைத் திரும்பவும் `Automatic` இல் விடுங்கள்.

ஒரு வீட்டுக் கணக்கு: 120 போட்டால் படம் மங்குகிறது

இது அடிக்கடி வரும் முறைப்பாடு. கிளிநொச்சியில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். 55 அங்குல ரீவி, பின்னால் நான்கு எச்டிஎம்ஐ போர்ட். கடைக்காரர் வந்து பொருத்தியபோது டிஷ் பெட்டியை 4 இலும், சவுண்ட்பாரை 3 இலும் செருகிவிட்டுப் போயிருக்கிறார். பிறகு வந்த பிளேஸ்டேஷன் 5, கைக்கெட்டிய 1 இல் செருகப்பட்டது. ஃபோர்ட்நைட்டில் `120 FPS Mode` ஐப் போட்டதிலிருந்து படம் மங்கல் என்கிறார்கள்.

முதலில் முகப்பு மெனுவில் பட்டையைத் திறக்கிறோம்: 3840x2160, 60. சரி. இப்போது கேமுக்குள் போய்த் திரும்பத் திறக்கிறோம்: 1920x1080, 120. இந்த இரண்டு வரியிலேயே விஷயம் விளங்கிவிட்டது. கேம் 120 ஐக் கேட்டது. இந்தப் போர்ட்டால் 4கே 120 ஐ வாங்க முடியாது. ஆகவே கொன்சோல் ஹேர்ட்ஸைக் காப்பாற்றுவதற்காக ரெசலூஷனை 1080பிக்கு இறக்கிவிட்டது. எதுவும் பழுதாகவில்லை, திரையில் எந்த எச்சரிக்கையும் வரவில்லை. இதனால்தான் மாதக்கணக்கில் ஆட்கள் கவனிக்காமல் விளையாடுகிறார்கள்.

இனி ஏன் வாங்க முடியவில்லை என்று பார்க்க வேண்டும். கேமை மூடாமல் கொன்சோலில் இந்த இடத்துக்குப் போங்கள்:

```
Settings > Screen and Video > Video Output > Video Output Information
```

மேல் பகுதி இப்போது போகும் சிக்னல். கீழ்ப் பகுதி, செருகியிருக்கும் ரீவி தன்னால் என்னென்ன முடியும் என்று கொன்சோலுக்குச் சொன்னது. இந்தக் கீழ்ப் பகுதியைத்தான் வடிவாகப் பார்க்க வேண்டும். நம் கிளிநொச்சி வீட்டில் 3840x2160 க்கு நேரே 60 மட்டும் இருக்கிறது, 120 இல்லை. அதாவது ரீவியே அந்தப் போர்ட்டில் 4கே 120 கிடையாது என்று சொல்லிவிட்டது.

ரீவியின் பின்புறம் டோர்ச் அடித்துப் பாருங்கள். பல மொடல்களில் நான்கு போர்ட்டிலும் இரண்டுக்குத்தான் 4கே 120 உண்டு. அந்த இரண்டின் பக்கத்தில் `4K 120Hz` என்று சின்ன எழுத்தில் இருக்கும். சோனியின் கன மொடல்களில் அவை 3 உம் 4 உம். சவுண்ட்பாருக்கான `eARC` போர்ட்டும் அதே 3 ஆக இருப்பதால், கொன்சோலுக்கு மிஞ்சுவது ஒன்றுதான். நம் வீட்டில் அந்த ஒன்றையும் டிஷ் பெட்டி பிடித்திருக்கிறது. டிஷ் பெட்டியின் 1080 சிக்னலுக்கு எந்தப் போர்ட்டும் காணும். அதை 1 க்கு மாற்றி, கொன்சோலை 4 க்குக் கொண்டுவாருங்கள். வயரைக் கழற்றும்போது இரண்டு பெட்டியும் அணைந்திருப்பது நல்லது.

மாற்றியதும் வேலை முடியாது. பல ரீவிகளில் போர்ட்டின் முழு வேகத்தை அமைப்பில் திறந்துவிட வேண்டும், அதுவும் ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனித்தனியாக. சாம்சுங்கில் அதன் பெயர் `Input Signal Plus`, `External Device Manager` என்ற பகுதிக்குள் இருக்கும். எல்ஜியில் `HDMI Deep Colour`. சோனியில் `External inputs` க்குள் `HDMI signal format`, அதில் `Enhanced format` என்பதிலேயே பல படிகள் உண்டு. 4கே 120 க்கு அந்த எண்ணைச் சொல்லும் படியையோ `VRR` என்ற படியையோ தெரிவு செய்ய வேண்டும், வெறும் `Enhanced format` போதாது.

பிறகு கொன்சோலை மறுபடி போட்டு, அதே பக்கத்தின் கீழ்ப் பகுதியைப் பாருங்கள். 3840x2160 க்கு நேரே 120 வந்துவிட்டால் `Enable 120 Hz Output` என்பது `Automatic` இல் இருக்கிறதா என்று உறுதிப்படுத்திவிட்டுக் கேமைத் தொடங்குங்கள். இப்போது ரீவியின் பட்டையில் 3840x2160, 120 வர வேண்டும்.

போர்ட் சரி, அமைப்பும் சரி, ஆனாலும் பட்டியலில் 4கே 120 வரவில்லை என்றால் அந்த ரீவியால் 4கே 120 ஐ வாங்க முடியாது என்று எடுத்துக்கொள்ளலாம். விளம்பரத்தில் வரும் பெரிய ஹேர்ட்ஸ் எண்கள் சில நேரம் படத்தை மென்மையாக்கும் மென்பொருளின் பெயர்தான். அப்படிப்பட்ட ரீவியில் 120 மோட்டை நிறுத்திவிட்டு 4கே 60 இல் விளையாடுவதையே நாங்கள் பரிந்துரைக்கிறோம். வேகமான சூட்டிங் கேமில் மட்டும் 1080பி 120 க்கு ஒரு நியாயம் உண்டு, அதுவும் பட்டியலில் அந்த 1080பி 120 இருந்தால்தான்.

வயர் பிழையா போர்ட் பிழையா

இரண்டும் வேறு வேறு அடையாளம் காட்டும். ரீவி தன் திறனைச் சொல்வது எச்டிஎம்ஐ வயருக்குள் ஓடும் மெதுவான தனிக் கம்பியில். அது மட்டமான வயரிலும் பிழையின்றிப் போய்ச் சேரும். படம் போவது வேகமான கம்பிகளில். ஆகவே கொன்சோலின் பட்டியலில் 120 இல்லை என்றால் போர்ட்டையோ அமைப்பையோ சந்தேகியுங்கள். பட்டியலில் 120 இருக்கிறது, ஆனால் கேம் தொடங்கியதும் திரை கறுத்துக் கறுத்து வருகிறது, வெள்ளைப் புள்ளி மின்னுகிறது, அல்லது `No Signal` என்கிறது என்றால் வயரைப் பிடியுங்கள்.

பிளேஸ்டேஷன் 5 பெட்டிக்குள் வந்த வயரே 48 கிகாபிட் தாங்கும். அதைத் தொலைத்துவிட்டு டிஷ் பெட்டியின் வயரைச் செருகியிருப்பதுதான் வழக்கமாக நடப்பது. புதிது வாங்குவதென்றால் உறையில் `Ultra High Speed` என்றும், ஃபோனால் ஸ்கான் செய்யக்கூடிய கியூஆர் சீட்டும் இருக்க வேண்டும். வயர் மேல் `8K` என்று அச்சடித்திருப்பது மட்டும் சாட்சி அல்ல. நீளம் 2 மீற்றருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ரீவியைச் சுவரில் ஏற்றி, குழாய்க்குள்ளால் 10 மீற்றர் சாதாரணச் செப்பு வயர் இழுத்த வீடுகளில் 4கே 120 ஐ எதிர்பார்க்க வேண்டாம். கொன்சோலை ரீவிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைப்பதுதான் மலிவான தீர்வு. நடுவில் ஸ்பிளிட்டரோ பழைய சவுண்ட்பாரோ இருந்தால் சோதனைக்கு அதைக் கழற்றி நேராகச் செருகிப் பாருங்கள். சங்கிலியில் ஆகக் குறைந்த பெட்டி எதுவோ அதன் அளவுக்குத்தான் சிக்னல் வரும்.

எச்டிஆர் வரி வராவிட்டால்

3840x2160, 60 என்று வருகிறது, ஆனால் எச்டிஆர் அடையாளம் இல்லை. இதற்கும் பெரும்பாலும் அதே போர்ட் அமைப்புத்தான் காரணம். சாதாரண நிலையில் விட்ட போர்ட் 4கே 60 ஐ 8 பிட் 4:2:0 ஆக மட்டும் வாங்கும், எச்டிஆர் தன்னிடம் இல்லை என்று கொன்சோலுக்குச் சொல்லிவிடும். `Input Signal Plus` போன்றதைத் திறந்ததும் வரும்.

அடுத்த காரணம் கேம். கொன்சோலில் `HDR` ஐ `On When Supported` என்று வைத்தால், எச்டிஆர் உள்ள கேம் ஓடும்போதுதான் அந்த வரி தோன்றும். `Always On` என்று வைத்தால் எப்போதும் தோன்றும். இதில் ஒரு பொறி இருக்கிறது: எச்டிஆரே இல்லாத பழைய கேமையும் கொன்சோல் எச்டிஆர் சிக்னலுக்குள் வைத்து அனுப்பும், ரீவியும் அப்படியே காட்டும். ஆகவே சோதிக்கும் நேரம் `On When Supported` இல் வைத்து, எச்டிஆர் இருப்பது உறுதியான கேமைப் போட்டுப் பாருங்கள். அடையாளம் வந்தும் படம் வெளிறித்தான் இருக்கிறது என்றால், `Adjust HDR` என்ற பக்கத்தில் சின்னங்கள் மறையும் அளவைத் திரும்பச் சரிசெய்யுங்கள். பகல் வெளிச்சம் நேரே விழும் முன்விறாந்தையில் வைத்துச் செய்தால் அளவு பிழைக்கும், யன்னலை மூடிவிட்டுச் செய்யுங்கள்.

பட்டை சொல்லாதவை

பட்டை சொல்வது வந்து சேரும் சிக்னலை மட்டும். கேம் உள்ளே 1440பியில் வரைந்து, கொன்சோல் அதைப் பெருப்பித்து அனுப்பினாலும் ரீவி 3840x2160 என்றே காட்டும். எக்ஸ்பொக்ஸ் சீரிஸ் எஸ் 4கே ரீவியில் 4கே என்று காட்டுவது இப்படித்தான். கேமின் உள் ரெசலூஷனை ரீவியால் அறிய வழியே இல்லை.

ஹேர்ட்ஸும் அப்படித்தான். 60 என்று பட்டை காட்டும்போது கேம் விநாடிக்கு 30 படம்தான் வரைந்துகொண்டிருக்கலாம், ஒவ்வொரு படமும் இரண்டு தரம் அனுப்பப்படும். `VRR` இயங்கும்போது மட்டும்தான் அந்த எண் கேமின் உண்மையான வேகத்தோடு சேர்ந்து அசையும். பிளேஸ்டேஷன் 5 இல் அதன் எல்லை 48 இலிருந்து 120 வரை. எண் 118, 96, 104 என்று துள்ளினால் அது கோளாறு அல்ல, அந்த வசதி வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். கனமான சண்டைக் காட்சியிலும் அசையாமல் 120 இலேயே நின்றால் `VRR` அணைந்திருக்கலாம், அல்லது அந்தக் கேம் அதற்கு ஆதரவு தராததாக இருக்கலாம். பின்னதற்கு கொன்சோலில் `Apply to Unsupported Games` என்ற தெரிவு இருக்கிறது.

கரண்ட் போய் வந்த பிறகு

கரண்ட் திரும்பி வரும்போது ரீவியும் கொன்சோலும் ஒரே நேரத்தில் எழும்பினால், சில நேரம் இரண்டும் தங்கள் திறனைச் சொல்லிக்கொள்ளும் கைகோர்ப்பு பிழைத்து நேற்றுவரை 4கே எச்டிஆராக இருந்தது இன்று 1080பியில் நிற்கும். அமைப்பு எதையும் தொட வேண்டாம். முதலில் ரீவியைப் போட்டு, கொன்சோலின் உள்ளீட்டில் நிறுத்துங்கள். படம் வரும் நிலைக்கு ரீவி வந்தபின் கொன்சோலைப் போட்டுப் பட்டையைத் திறவுங்கள். அப்படியும் இறங்கியே நின்றால் இரண்டையும் சுவர் பிளக்கிலிருந்து ஒரு நிமிடம் கழற்றிவிட்டு, அதே ஒழுங்கில் திரும்பப் போடுங்கள். அதற்குப் பிறகும் மாறாவிட்டால்தான் ரீவியின் போர்ட் அமைப்பு பழையபடி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரீவியின் மென்பொருள் புதுப்பிக்கப்பட்டோ அமைப்பு மீளமைக்கப்பட்டோ இருந்தால் அது சாதாரண நிலைக்குத் திரும்பியிருக்கக்கூடும்.